வலிக்காத நெஞ்சு

“ஒரு கேஸ் ஊசி மட்டும் போட்டு விடுங்க நர்சம்மா. காட்டுல ஆளுக காத்துக்கிட்டு இருக்காக” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார். வயது 58. பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. காலை எட்டேகால் மணிக்கு நூறு நாள் வேலைக்குக் கிளம்பும்போது மேல்வயிற்றில் ஏதோ அடைத்த மாதிரி இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் குமட்டல். கண்மாய்க் கரை ஏறுவதற்குள் மூச்சு வாங்கியிருக்கிறது. மருமகள்தான் வற்புறுத்தி வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி 9.50.

“நெஞ்சு வலிக்குதாம்மா?” என்று பணியில் இருந்த செவிலியர் கேட்டார்.

“நெஞ்செல்லாம் ஒண்ணும் இல்ல தாயி. வாயுதான். ராத்திரி மொச்சைக் குழம்பு.”

இதைக் கதையாகவே சொல்கிறேன். இந்த அம்மாவுக்கும் செவிலியருக்கும் பெயர் வைக்கவில்லை; ஊர், விருதுநகர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அவர் உடம்பில் தெரிந்த குறிகளும், செவிலியர் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் மருத்துவ நடைமுறையில் உள்ளவை. அந்த அம்மாவுக்கு அப்போது மாரடைப்பு நடந்துகொண்டிருந்தது. நெஞ்சில் வலி இல்லாததால் அவருக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை.

செவிலியர் முதலில் பார்த்தது முகத்தை. நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்வை. நடந்து வந்த களைப்பில் வருகிற வேர்வை என்றால் தோல் சூடாக இருக்கும். கையைத் தொட்டபோது சில்லென்று இருந்தது. ரவிக்கையின் கழுத்தோரம் நனைந்து ஒட்டியிருந்தது.

சர்க்கரை நோயாளி குளிர்ந்து வேர்த்து வந்தால், எந்தச் செவிலியருக்கும் முதலில் தோன்றுவது சர்க்கரை இறங்கிவிட்டது என்பதுதான். அப்படித் தோன்றுவது சரியும்கூட. இந்த அம்மா மெட்ஃபார்மினோடு கிளைமிபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறவர். கிளைமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனால் சர்க்கரை 70க்குக் கீழே விழும். வேர்க்கும், படபடக்கும், கை நடுங்கும். அன்றைக்கு அந்த அம்மா ஒரு டீயோடு சரி. மருமகள் கையில் சர்க்கரைப் பொட்டலம்கூடத் தயாராக இருந்தது. வாயில் போட்டிருந்தால் எல்லாரும் பதினைந்து நிமிடம் காத்திருந்திருப்பார்கள்.

செவிலியர் ஊகிக்கவில்லை, விரலில் குத்திப் பார்த்தார். குளுக்கோமீட்டர் 318 காட்டியது.

இந்த ஒரு எண்ணில்தான் கதை திரும்புகிறது. “சர்க்கரை ஏறிப்போச்சு, அதான் வேர்க்குது” என்று மருமகள் சொன்னார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சர்க்கரை கூடினால் தாகம் எடுக்கும், சிறுநீர் அதிகம் போகும், அசதி வரும். குளிர்ந்த வேர்வை வராது. தாழ்ந்த சர்க்கரை இல்லை என்றால் இந்த வேர்வைக்கு வேறு காரணம் தேட வேண்டும். உடம்பு ஏதோ ஒரு பெரிய ஆபத்தைச் சந்திக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது. அது வேர்க்கவும் வைக்கும், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டவும் வைக்கும். போன மாதம் 190 இருந்தவருக்கு இன்று திடீரென்று 318 என்றால், அந்த ஏற்றமே உள்ளே நடக்கும் இன்னொன்றின் விளைவாக இருக்கலாம்.

அடுத்து அவர் செய்தது, அந்த அம்மாவின் சர்க்கரை நோட்டைப் புரட்டியது. மாதாமாதம் மாத்திரை வாங்கும்போது எழுதி வைத்த பதிவுகள் அதில் இருந்தன. ரத்த அழுத்தம் எப்போதும் 150/90ஐ ஒட்டி. நாடித் துடிப்பு, உட்கார்ந்து இளைப்பாறிய பிறகும், நிமிடத்துக்கு 98, 102, 100. ஆறு மாதத்துக்கு முன் செய்த பாதப் பரிசோதனையும் இருந்தது. நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டால் இரண்டு காலிலும் பல இடங்களில் உணர்வு இல்லை. ராத்திரியில் பாதம் எரிகிறது, எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது என்றும் குறித்திருந்தார்கள்.

பாதம் மரத்துப்போனது பாதத்தோடு நிற்பதில்லை. பல வருடம் கட்டுக்குள் வராத சர்க்கரை, உடம்பின் மெல்லிய நரம்பிழைகளைத்தான் முதலில் அரிக்கிறது. பாதத்துக்குப் போகும் நீளமான நரம்புகளில் அது எரிச்சலாகவும் மரப்பாகவும் தெரிகிறது. இதயத்துக்குப் போகும் நரம்புகளும் அதே மாதிரி மெல்லியவை. அவற்றில் ஒரு வகை இதயத்தின் வேகத்தை அடக்கி வைப்பவை. அவை கெட்டால் சும்மா இருக்கும்போதே துடிப்பு 100ஐத் தொடும், நின்றால் ரத்த அழுத்தம் சரியும். இன்னொரு வகை, இதயத் தசைக்கு ரத்தம் போகாமல் அது தவிக்கும்போது அந்த வலியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறவை. சாதாரணமாக மாரடைப்பில் நெஞ்சை அழுத்தும் வலியும், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலியும் இந்த வழியில்தான் உணரப்படுகின்றன. அந்த இழைகள் செத்துப்போனவருக்குத் தசை கருகினாலும் தகவல் மேலே போவதில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தால், வயிற்றில் ஏதோ அடைக்கிறது என்ற மங்கலான உணர்வு மட்டும் வரும்.

ஆகவே அந்த நோட்டு செவிலியருக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, இவருக்கு நெஞ்சு வலிக்கவில்லை என்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. இரண்டாவது, நாடியைப் பிடித்துப் பார்த்தபோது வந்தது. எப்போதும் 100 துடிக்கும் நாடி இன்று 56. ரத்த அழுத்தம் 100/70. புதிதாகப் பார்க்கிற ஒருவர் இந்த எண்களை நார்மல் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். இந்த அம்மாவுக்கு அவை நார்மல் இல்லை. மாதாமாதம் எழுதும் அந்த நோட்டின் மதிப்பு இந்த மாதிரி நாளில்தான் தெரியும். தயவுசெய்து அதைத் தொலைக்காதீர்கள்.

கேஸ் ஊசி போடவில்லை. ஈ.சி.ஜி. எடுக்க அந்த அம்மாவைப் படுக்கவைத்தார்.

கிராமத்துப் பெண்களுக்கு ஈ.சி.ஜி. எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ரவிக்கையைத் தளர்த்த வேண்டும். திரை இழுத்து, மருமகளை மட்டும் பக்கத்தில் நிற்கவைத்து, சேலையால் மூடியபடியே செவிலியர் வேலையைச் செய்தார். வேர்வையில் உறிஞ்சு குமிழ்கள் நிற்காமல் வழுக்கும்; அதனால் முதலில் துணியால் நெஞ்சைத் துடைத்தார். நான்காவது விலா இடைவெளியை விரலால் எண்ணிப் பிடித்து, எலும்பின் இருபுறமும் முதல் இரண்டு குமிழ்கள். மற்றவை மார்பகத்துக்குக் கீழாக, விலா வழியே இடது அக்குள் பக்கம். கூச்சப்பட்டுக்கொண்டு மார்பகத்தின் மேலேயே எங்காவது வைத்தால் கோடு மாறிவிடும், படிப்பவர் ஏமாந்துபோவார். வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. காகிதம் வெளியே வந்தபோது மணி 9.59.

ஈ.சி.ஜி. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் சிறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ஓர் உயரமான கூம்பு வந்து இறங்கிய பிறகு, கோடு தரைமட்டத்துக்குத் திரும்பிச் சற்று நேரம் சமமாக ஓட வேண்டும். அதற்கு எஸ்.டி. பகுதி என்று பெயர். ரத்தக் குழாய் முழுவதுமாக அடைபட்டால், அடைபட்ட பக்கத்தைப் பார்க்கும் லீடுகளில் இந்தப் பகுதி தரைக்குத் திரும்பாமல் மேலேயே தூக்கி நிற்கும். அந்த அம்மாவின் காகிதத்தில் லீட் 2, லீட் 3, ஏ.வி.எஃப். ஆகிய மூன்றிலும் கோடு இரண்டு கட்டம் தூக்கியிருந்தது. எதிர்ப்பக்கத்தைப் பார்க்கும் ஏ.வி.எல். லீடில் அதே பகுதி கீழே அமுங்கியிருந்தது. ஒரு பக்கம் தூக்கல், எதிர்ப்பக்கம் அமுங்கல் என்று சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் மாரடைப்பு.

அடிச்சுவருக்குப் பெரும்பாலானவர்களுக்கு வலது இதயத் தமனிதான் ரத்தம் தருகிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சுக்கும், அதைக் கீழே கடத்தும் முடிச்சுக்கும் பெரும்பாலும் அதே தமனியின் கிளைகள்தான். நாடி 100இலிருந்து 56க்கு விழுந்ததற்கு இதுதான் காரணம். அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் படுத்திருப்பதால் குமட்டலும் மேல்வயிற்று அடைப்பும் இந்த வகையில் அதிகம். மொச்சைக் குழம்பின் மேல் பழி விழுவதும் அதனால்தான்.

மருத்துவ அலுவலர் அன்று முகாமில் இருந்தார். செவிலியர் ஈ.சி.ஜி.யைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

“இன்ஃபீரியர் வால் எம்.ஐ.தான் சிஸ்டர். 108க்குச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் சார். வந்துக்கிட்டு இருக்கு.”

“வலது பக்கம் ஒரு லீட் எடுத்துடுங்க. சார்பிட்ரேட் மட்டும் வெச்சுடாதீங்க. லோடிங் டோஸ் கொடுங்க.”

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பல வீடுகளில் இருக்கிறது. நெஞ்சு என்றாலே அதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அது ரத்தக் குழாய்களை விரித்து, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தைக் குறைக்கும். அடிச்சுவர் மாரடைப்பில் சிலருக்கு வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும். அப்போது அந்த அறை, திரும்பி வரும் ரத்தத்தின் அழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சார்பிட்ரேட் வைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து ஆள் மயங்கிவிடலாம். மேல் அழுத்தம் ஏற்கெனவே 100இல் நிற்கும் இந்த அம்மாவுக்கு அது இன்னும் ஆபத்து. வலது பக்க லீடில் தூக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

லோடிங் டோஸ் என்பது ரத்த உறைகட்டி மேலும் வளராமல் தடுக்க முதலிலேயே தரும் பெரிய அளவு. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, க்ளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு, மொத்தம் 14. கொடுப்பதற்கு முன் செவிலியர் கேட்டார்: மலம் கறுப்பாகப் போனதுண்டா, ரத்த வாந்தி உண்டா, பக்கவாதம் வந்ததுண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? எதுவும் இல்லை. உள்ளங்கையில் மாத்திரைகளைப் பார்த்த மருமகள் திகைத்துப்போனார்.

“இம்புட்டு மாத்திரையா சிஸ்டர்?”

“ஒரு தடவைக்கு மட்டும்தாம்மா. ஆஸ்பிரினை மென்னு முழுங்கச் சொல்லுங்க, சீக்கிரம் ரத்தத்துல சேரும்.”

அதற்குள் அந்த அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். கக்கூஸுக்குப் போக வேண்டுமாம். அடிச்சுவர் மாரடைப்பில் இந்த உந்துதல் அடிக்கடி வரும். எழுந்து போய் முக்கினால் அழுத்தம் விழுந்து அங்கேயே சரிந்துவிடுபவர்கள் உண்டு. செவிலியர் விடவில்லை, படுக்கையிலேயே பெட்பேன் வைத்தார். ஆக்ஸிஜன் அளவு 95 இருந்ததால் முகமூடி மாட்டவில்லை. 90க்குக் கீழே போனால்தான் அதனால் பயன். கையில் ஊசிக்குழாய் மட்டும் போட்டு வைத்தார். மருமகளின் தம்பி, “கார் ரெடியா இருக்கு, நான் கொண்டுபோயிடுறேன்” என்றார். அதற்கும் செவிலியர் சம்மதிக்கவில்லை. மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தாறுமாறான துடிப்பு. அது வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் நிறுத்த முடியும். 108 வண்டியில் பயிற்சி பெற்ற ஆள் இருப்பார், அதற்கான கருவியும் இருக்கலாம். காரில் யார் இருப்பார்?

எங்கே அனுப்புவது என்பதும் யோசிக்க வேண்டிய கேள்வி. அடைப்பை பலூன் வைத்துத் திறப்பதுதான் சிறந்த வழி. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த வசதி உள்ள இடத்தில் குழாயைத் திறக்க முடியாது என்றால், உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை அருகில் உள்ள மருத்துவமனையிலேயே போட்டுவிட வேண்டும். மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி, அங்கே முன்கூட்டியே ஈ.சி.ஜி. படத்தையும் அனுப்பிவைத்தார். வண்டி 10.20க்குக் கிளம்பியது. 11.10க்கு டெனெக்டிப்ளேஸ் ஊசி உள்ளே போனது. எடைக்குத் தக்க அளவு, ஒரே தடவையாக. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரம் ஆகவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த ஈ.சி.ஜி.யில் தூக்கி நின்ற கோடு பாதிக்கும் மேல் இறங்கியிருந்தது. குழாய் திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் நம்பகமான அடையாளம். மறுநாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் செய்து வலது தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத் தசையின் பெரும்பகுதி பிழைத்தது.

கேஸ் ஊசி போட்டு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீட்டிலேயே இறந்திருக்கலாம். இறக்காமலும் போயிருக்கலாம், குமட்டல் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்துக் கால் வீக்கத்தோடும் படுத்தால் மூச்சு முட்டுவதோடும் வந்திருப்பார். அப்போது எக்கோ எடுத்தால் அடிச்சுவர் அசையாமல் கிடப்பது தெரியும். “உங்களுக்கு எப்போதோ ஒரு அட்டாக் வந்து போயிருக்கே” என்று மருத்துவர் சொல்ல, குடும்பமே திகைக்கும். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கி, மக்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து வந்தார்கள். அங்கே நேர்ந்த மாரடைப்புகளில் சுமார் நான்கில் ஒன்று, நேர்ந்த நேரத்தில் யாருக்கும் தெரியாமல், அடுத்த ஈ.சி.ஜி.யில்தான் தெரிந்தது. அப்படித் தெரியாமல் போனவற்றில் ஏறத்தாழ பாதியில், யோசித்துப் பார்த்தால் ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. அது மாரடைப்பு என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. நாம் பிடிக்கக்கூடியது அந்தப் பாதியை.

எல்லா நாளும் இந்தக் கதை மாதிரி தெளிவாக நடக்காது. முதல் ஈ.சி.ஜி. சாதாரணமாக இருக்கும் நோயாளிகள் நிறைய. சந்தேகம் வலுவாக இருந்தால் பதினைந்து முப்பது நிமிடத்தில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் நார்மல் காட்டலாம். ஒரே ஒரு சோதனையை நம்பி வீட்டுக்கு அனுப்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அசிடிட்டி மருந்து கொடுத்ததும் சற்று நன்றாக இருக்கிறது என்று நோயாளி சொல்வதையும் நம்பக் கூடாது; இதய வலியும் அப்படிக் கொஞ்சம் தணிவதுண்டு.

அப்படியானால் சர்க்கரை உள்ள எல்லாருக்கும் முன்கூட்டியே இதய ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. அறிகுறி இல்லாத 1,100க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஸ்கேன் செய்து, மற்றவர்களுக்குச் செய்யாமல், ஐந்து வருடம் போலத் தொடர்ந்து பார்த்தார்கள். மாரடைப்பிலும் இதய மரணத்திலும் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனவே அறிகுறி இல்லாதபோது பணத்தை ஸ்கேனில் கொட்டுவதைவிட, ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சர்க்கரையையும் மாத்திரையால் கட்டுக்குள் வைப்பதே பயன் தரும். அறிகுறி வந்தால் கதை வேறு. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர், அதிலும் பாதம் எரியும், மரக்கும் என்று சொல்பவர் இருந்தால் இதைக் கவனியுங்கள். திடீரென்று குளிர்ந்து வேர்க்கிறதா, வழக்கமாகச் செய்யும் வேலைக்கே மூச்சு வாங்குகிறதா, காரணமில்லாத குமட்டலோ மேல்வயிற்று அடைப்போ வந்து போகாமல் நிற்கிறதா? குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். இல்லையென்றால், ஆள் தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை குறையவில்லை என்று தெரிந்தாலும், கொடுத்தும் வேர்வை அடங்கவில்லை என்றாலும், 108ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. உள்ள இடத்துக்குப் போனதும் “இவருக்குச் சர்க்கரை, நெஞ்சு வலி தெரியாமலே அட்டாக் வரலாம், ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.